டிரான்ஸ்ஃபார்மர் படம்: வோல்டேஜை இடமிருந்து வலமாக, கரண்ட்டை வலமிருந்து இடமாக வாசியுங்கள்

"சார், வோல்டேஜ் ஏறினா கரண்ட்டும் ஏறணும்னுதானே ஓம் விதி சொல்லுது? இங்க மட்டும் வோல்டேஜ் ஏறினா கரண்ட் இறங்கும்னு போட்டிருக்கே?"

காட்பாடியில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் மின்மாற்றி பாடம் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். "உள்ளே போகிற திறனும் வெளியே வருகிற திறனும் சமம், அதனால் ஒன்று ஏறினால் மற்றது இறங்கத்தான் வேண்டும்" என்று பதில் சொல்லிவிடலாம். தப்பில்லை, மதிப்பெண்ணும் வரும். ஆனால் கேட்ட பிள்ளையின் முகம் தெளியாது. திறன் சமமாக இருக்க வேண்டும் என்று அந்தச் செம்புக் கம்பிக்குப் போய் யார் சொன்னது? கம்பிக்குள் எது நடந்து கரண்ட் மாறுகிறது? படத்தை எந்தத் திசையில் வாசிப்பது என்று தெரிந்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு தாளில் படத்தை வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு சுருள், வலப்பக்கம் ஒரு சுருள், நடுவில் இரண்டு நேர்கோடுகள். இடது சுருளின் இரு முனைகளுக்கு நடுவே 230 V என்று எழுதி, பக்கத்தில் ஒரு அலைக்குறி போடுங்கள். அந்தச் சுருளுக்கு 460 சுற்று, வலது சுருளுக்கு 920 சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். வலது சுருளின் முனைகளில் 230 ஓம் மின்தடை ஒன்றை லோடாக மாட்டுங்கள். இந்த ஒரு படமே போதும், கட்டுரை முழுக்க இதை வைத்தே பேசுவோம்.

இடப்பக்கம் முதன்மைச் சுருள், அதாவது பிரைமரி. வலப்பக்கம் துணைச் சுருள், அதாவது செகண்டரி. சப்ளை எந்தச் சுருளில் மாட்டப்படுகிறதோ அதுதான் பிரைமரி. வோல்டேஜ் அதிகமா குறைவா என்பதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. நடுவில் உள்ள நேர்கோடுகள் கோரை, அதாவது இரண்டு சுருள்களும் சுற்றப்பட்டிருக்கும் இரும்பு உள்ளகத்தைக் குறிக்கின்றன. வைண்டிங் கடையில் E, I எழுத்து வடிவத்தில் வெட்டி அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மெல்லிய சிலிக்கான் ஸ்டீல் தகடுகள்தான் அவை. படத்தில் சுருளுக்கு நாலைந்து வளைவுகள் போட்டிருந்தால் அதை எண்ணி சுற்று விகிதம் கண்டுபிடிக்க முயல வேண்டாம். வரைந்தவர் இடத்துக்குத் தக்கபடி போட்டிருப்பார். பக்கத்தில் எழுதியிருக்கும் எண்தான் கணக்கு.

இதைவிட முக்கியம், படத்தில் இல்லாத ஒன்று. இடது சுருளையும் வலது சுருளையும் இணைக்கும் கம்பி எங்கேயும் கிடையாது. பிரைமரியில் ஓடும் கரண்ட் செகண்டரிக்குத் தாண்டிப் போவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கோருக்குள் ஓடும் காந்தப்பாயம் மட்டும்தான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால், "கரண்ட் இந்தப் பக்கம் 4 ஆம்பியர் போச்சு, அந்தப் பக்கம் 2 தான் வந்துச்சு, மீதி 2 எங்கே?" என்ற கேள்வியே எழாது. அது வேறு கரண்ட், இது வேறு கரண்ட்.

இப்போது வோல்டேஜை இடமிருந்து வலமாக வாசிப்போம். சப்ளை 230 V கொடுக்கிறது. அது ஏறி இறங்கும் மின்சாரம் என்பதால் கோரில் காந்தப்பாயமும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. மாறும் காந்தப்பாயம் எந்தச் சுற்றுக்குள் போனாலும் அந்தச் சுற்றில் ஒரு வோல்டேஜைத் தூண்டும். கோரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சுற்றுக்கும் அதே காந்தப்பாயம் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே வோல்டேஜ்தான். பிரைமரியின் 460 சுற்றுக்கு 230 V என்றால் ஒரு சுற்றுக்கு அரை வோல்ட். செகண்டரியில் 920 சுற்று இருக்கிறது, ஆக 460 V. சுற்று விகிதம் என்பது இவ்வளவுதான். ஸ்டெபிலைசர் கட்டுகிறவர்கள் 'வோல்ட்டுக்கு இத்தனை சுற்று' என்ற கணக்கில்தான் பேசுவார்கள். நம் படத்தில் அது வோல்ட்டுக்கு 2 சுற்று.

செகண்டரியில் லோடு இல்லாதபோது பிரைமரியில் எவ்வளவு கரண்ட் ஓடும்? இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை மல்ட்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் ஒன்றரை ஓம் போலக் காட்டும். ஓம் விதியை அப்படியே போட்டால் 150 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும், சுருள் புகைந்துவிட வேண்டும். அப்படி ஆவதில்லை. காரணம், காந்தப்பாயம் செகண்டரியில் மட்டும் வோல்டேஜைத் தூண்டுவதில்லை, தன்னை உண்டாக்கிய பிரைமரியிலும் தூண்டுகிறது. அந்த வோல்டேஜ் சப்ளையை எதிர்த்து நிற்கிறது, கிட்டத்தட்ட 230 V அளவுக்கே. சப்ளை ஒரு பக்கம் தள்ள, இது மறுபக்கம் தள்ள, மிஞ்சுகிற சின்ன வித்தியாசத்தில்தான் கரண்ட் ஓடுகிறது. காந்தப்பாயத்தை வைத்துக்கொள்ளத் தேவையான அளவு மட்டும், ஆம்பியரில் ஒரு சிறு பங்கு. அதனால்தான் லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் லேசாக உறுமிக்கொண்டு சும்மா இருக்கிறது.

இதே பிரைமரியில் 12 V கார் பேட்டரியை மாட்டினால் கதை வேறு. பேட்டரி கொடுப்பது மாறாத மின்சாரம். காந்தப்பாயம் ஒரு அளவில் போய் நின்றுவிடும், எதிர்த்து நிற்க வோல்டேஜ் எதுவும் தூண்டப்படாது. குறுக்கே இருப்பது அந்த ஒன்றரை ஓம் மட்டும்தான், 8 ஆம்பியர் ஓடும். 4 ஆம்பியருக்குக் கட்டிய சுருளில் 8 ஆம்பியர் ஓடினால் சூடேறி வார்னிஷ் வாடை வரும், செகண்டரியிலோ சுழியம் வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் படத்தில் அலைக்குறியை விட்டுவிட்டால் நான் ஒரு மதிப்பெண் குறைப்பது இதனால்தான்.

சரி, இப்போது லோடை மாட்டுங்கள். 460 V, 230 ஓம். ஓம் விதிப்படி 2 ஆம்பியர். இந்தக் கரண்ட்டை முடிவு செய்வது லோடுதான், பிரைமரிக்கு இதில் பேச்சு இல்லை. இங்கிருந்து கரண்ட்டை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்.

செகண்டரியில் ஓடும் 2 ஆம்பியரும் கோரைச் சுற்றித்தான் ஓடுகிறது, அதுவும் 920 முறை. ஆகவே அதுவும் கோரில் காந்தத்தை உண்டாக்கும். லென்ஸ் விதிப்படி அது ஏற்கெனவே உள்ள காந்தப்பாயத்தின் மாற்றத்தை எதிர்க்கும் திசையில்தான் இருக்கும். அதாவது கோரில் உள்ள காந்தப்பாயத்தைக் குறைக்கப் பார்க்கும். காந்தப்பாயம் இம்மி குறைந்தாலும் பிரைமரியில் சப்ளையை எதிர்த்து நிற்கிற வோல்டேஜும் இம்மி குறையும். எதிர்ப்பு தளர்ந்ததும் சப்ளை கூடுதல் கரண்ட்டை உள்ளே தள்ளும். எதுவரை தள்ளும்? காந்தப்பாயம் பழைய அளவுக்குத் திரும்பும் வரை. செகண்டரி கெடுத்ததைப் பிரைமரி முழுசாகச் சரிக்கட்டும் வரை.

கெடுத்தது எவ்வளவு என்பதை ஆம்பியரையும் சுற்றையும் பெருக்கித்தான் அளக்க வேண்டும். 920 சுற்றில் 2 ஆம்பியர், 1840 ஆம்பியர்-சுற்று. பிரைமரியும் 1840 கொடுத்தால்தான் ஈடாகும். ஆனால் அதனிடம் இருப்பது 460 சுற்றுதான். ஆகவே 4 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். தராசில் ஒரு தட்டு கோலின் நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால் அதில் இரண்டு மடங்கு எடை வைத்தால்தான் கோல் நேராக நிற்குமே, அது மாதிரி. சுற்று குறைந்த பக்கம் கரண்ட்டை அதிகமாக்கித்தான் ஈடுகொடுக்க முடியும். சுற்று அதிகமுள்ள பக்கத்துக்குக் குறைந்த கரண்ட்டே போதும். வோல்டேஜ் ஏறுகிற பக்கத்தில் கரண்ட் இறங்கியிருப்பதற்கு இதுதான் காரணம். திறன் சமமாக வருவது இதன் விளைவு: 230 × 4 என்றாலும் 460 × 2 என்றாலும் 920 வாட்.

```
Vs / Vp = Ns / Np = Ip / Is
460/230 = 920/460 = 4/2 = 2
```

பாடப் புத்தகத்துச் சூத்திரத்தில் வோல்டேஜ் பின்னத்தில் s மேலே இருக்க, கரண்ட் பின்னத்தில் p மேலே போயிருப்பதைப் பாருங்கள். பிள்ளைகள் இதை மாற்றிப் போட்டுவிட்டு முழிப்பது வழக்கம். ஆம்பியர்-சுற்று இரண்டு பக்கமும் சமம் என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் பின்னம் தானாகவே சரியான வாக்கில் விழும்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதே 230 ஓம் லோடை நேரே 230 V-இல் மாட்டியிருந்தால் 1 ஆம்பியர் ஓடியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மாட்டியதும் லோடில் 2 ஆம்பியர் ஓடுகிறது. வோல்டேஜ் இரட்டித்தது, கரண்ட்டும் இரட்டித்தது. ஓம் விதிக்கு ஒரு பங்கமும் இல்லை. 'கரண்ட் இறங்குகிறது' என்று நாம் சொன்னது வேறு ஒப்பீடு. அது பிரைமரியின் 4 ஆம்பியரையும் செகண்டரியின் 2 ஆம்பியரையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. முன்னே பின்னே என்று இரண்டு நிலைகளை ஒப்பிடுவது ஓம் விதி. இடது வலது என்று ஒரே நிலையின் இரண்டு பக்கங்களை ஒப்பிடுவது சுற்று விகிதம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் சந்தேகம் வருகிறது. 1 ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருந்த சப்ளை இப்போது 4 ஆம்பியர் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 'ஸ்டெப்-அப் போட்டா கரண்ட் மிச்சமாகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படத்தில் சுருள்களின் முனைப் பக்கம் சில சமயம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பலர் அதை அச்சுப் பிழை மாதிரி தாண்டிப் போவார்கள். புள்ளி உள்ள இரண்டு முனைகளும் ஒரே கணத்தில் பிளஸ் ஆகும், ஒரே கணத்தில் மைனஸ் ஆகும் என்று பொருள். பிரைமரியில் கரண்ட் புள்ளி வழியாக உள்ளே போகும் கணத்தில் செகண்டரியில் புள்ளி வழியாக வெளியே வரும். அந்த 1840-ம் இந்த 1840-ம் எதிரெதிராக நிற்கின்றன என்பதைத்தான் அந்தப் புள்ளி சொல்கிறது.

அலைவெண் மட்டும் எந்தப் பக்கமும் மாறாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு இங்கிருந்து கிரைண்டர் கொண்டுபோகிறவர்கள் அங்கே 120-ஐ 240 ஆக்கும் ஸ்டெப்-அப் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். வோல்டேஜ் சரியாகிவிடும். அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் 60 ஆகவே கிரைண்டருக்குப் போகும், மோட்டாரின் வேகம் இங்கே ஓடியது போல இருக்காது.

வலமிருந்து இடமாக வாசிக்கும் பழக்கம் பழுது பார்க்கவும் உதவும். செகண்டரியில் பக்கத்துப் பக்கத்துச் சுற்று இரண்டின் எனாமல் உரிந்து ஒன்றோடொன்று தொட்டுவிட்டது என்று வையுங்கள். அங்கே ஒரே ஒரு சுற்று தனியாக ஒரு வளையமாகிவிட்டது. அந்த வளையமும் ஒரு செகண்டரிதான், ஒரு சுற்று உள்ள செகண்டரி. அதில் அரை வோல்ட் தூண்டப்படும். அரை வோல்ட்தானே என்று தோன்றும். அந்த ஒரு சுற்றின் மின்தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொண்டால் 50 ஆம்பியர். 2 ஆம்பியருக்கு எடுத்த கம்பியில் 50 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு சுற்றில் மட்டும் 25 வாட் சூடு, சுற்றியுள்ள எனாமலும் கருகி அடுத்த சுற்றும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு கரண்ட் ஓடும்போது ஃபியூஸ் போக வேண்டாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 50 ஆம்பியர், 1 சுற்று, ஆக 50 ஆம்பியர்-சுற்று. அதற்கு ஈடுகொடுக்க 460 சுற்றுள்ள பிரைமரிக்கு 0.11 ஆம்பியர் கூடினால் போதும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. செகண்டரி வோல்டேஜைப் பார்த்தாலும் 920-இல் ஒரு சுற்று குறைந்தது மீட்டரில் கண்ணுக்குப் படாது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: லோடைக் கழற்றிவிட்டுப் பிரைமரிக்கு மட்டும் சப்ளை கொடுத்து வைத்துப் பார்ப்பது. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாமல் வெதுவெதுப்பைத் தாண்டாது. சும்மா இருக்கும்போதே கை வைக்க முடியாத சூடு வந்தால் பெரும்பாலும் உள்ளே சுற்று தொட்டிருக்கும். சூடு பார்க்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், இதைச் சொல்லாமல் விட முடியாது.

இனி தெருவுக்கு வருவோம். சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ, இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி நின்றே பாருங்கள். மேலிருந்து வரும் எச்.டி., அதாவது உயர் அழுத்தக் கம்பிகள் மெல்லியவை. கீழே எல்.டி., அதாவது தாழ்வழுத்தப் பக்கம் இறங்கும் கேபிள்கள் கைத்தடி மொத்தம். அதிக வோல்டேஜ் பக்கம் மெல்லிய கம்பி, குறைந்த வோல்டேஜ் பக்கம் தடித்த கம்பி என்பது நம் படத்தில் வந்த அதே 4-க்கு 2 கதைதான், எண்கள் மட்டும் பெரியவை. உடலில் அடித்திருக்கும் பெயர்த்தகட்டில், 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால், எச்.வி. பக்கம் 11000 வோல்ட், 5.25 ஆம்பியர் என்றும் எல்.வி. பக்கம் 433 வோல்ட், 133.3 ஆம்பியர் என்றும் இருக்கும். 11000-ஐ 433-ஆல் வகுத்தால் 25.4. 133.3-ஐ 5.25-ஆல் வகுத்தாலும் 25.4.

கத்திரி வெயில் நேரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது எல்.டி. பக்கம் 200 ஆம்பியர் போகிறது என்று வைப்போம். அந்த 200-ஐ முடிவு செய்தது வீடுகள். அதைத் தொடர்ந்து எச்.டி. பக்கமும் 5.25-ஐத் தாண்டி 8-ஐ நெருங்கும். கரண்ட் ஒன்றரை மடங்கானால் சுருளில் பிறக்கும் சூடு இரண்டேகால் மடங்கு, ஏனென்றால் சூடு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. எண்ணெய் கொதிப்பேறுவதும், லைன்மேன் பீஸ் கட்டையோடு வந்து நிற்பதும் இந்த நேரத்தில்தான். தெருவுக்கு 11000 வோல்ட்டாகக் கொண்டுவருவதற்கும் அதே வர்க்கம்தான் காரணம். அதே கம்பியில் அதே திறனை 433 வோல்ட்டில் கொண்டுவந்தால் கரண்ட் 25.4 மடங்காகும், வழியில் வீணாகும் சூடு 645 மடங்காகும்.

தகட்டைப் படித்துவிட்டு 'அப்போ சுற்று விகிதம் 25.4' என்று எழுதினால் மட்டும் தப்பாகிவிடும். நம் தாளில் உள்ளது ஒற்றை ஃபேஸ், தெருவில் நிற்பது மூன்று ஃபேஸ். தகட்டில் Dyn11 என்று இருக்கும். முதல் D, எச்.வி. சுருள்கள் டெல்டாவாக, முக்கோணமாக இணைந்திருப்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு சுருளுக்கும் முழு 11000 வோல்ட் கிடைக்கும். y, எல்.வி. சுருள்கள் ஸ்டாராக இணைந்திருப்பதைச் சொல்கிறது. அதில் 433 என்பது இரண்டு ஃபேஸுக்கு நடுவே உள்ளது. ஒரு சுருளுக்குக் கிடைப்பது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள வோல்டேஜ், 433-ஐ √3-ஆல் வகுத்தால் 250. வழியில் கொஞ்சம் குறைந்து வீட்டு பிளக்குக்கு 230, 240 என்று வருவது இதுதான். ஆக ஒரு கோர்க் காலில் எதிரெதிரே இருக்கும் சுருள் ஜோடிக்கு 11000-க்கு 250. உண்மையான சுற்று விகிதம் 44.

கரண்ட்டையும் அதே ஜோடியில் சரிபார்க்கலாம். 5.25 என்பது வெளியே லைனில் ஓடுவது. டெல்டாவுக்குள் ஒரு சுருளில் ஓடுவது அதை √3-ஆல் வகுத்தது, 3.03 ஆம்பியர். எல்.வி. பக்கம் ஸ்டார் என்பதால் லைனில் ஓடும் 133.3-தான் சுருளிலும் ஓடுகிறது. 3.03-ஐ 44-ஆல் பெருக்கிப் பாருங்கள், 133.3 வரும்.